20-ஆம் தேதிக்கு வேண்டியதை 5-ஆம் தேதியே கேளுங்கள்: பர்ச்சேஸிடமிருந்து ஜிஎஸ்டி விவரம் வாங்கும் முறை

பெங்களூரில் பொம்மசந்திரா, பீன்யா பக்கம் ஒரு தொழிற்சாலையின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர் கைக்குச் சீக்கிரமே வந்து சேரும் வேலை இன்புட் கிரெடிட் சரிபார்ப்பு. சப்ளையரிடம் பொருள் வாங்கும்போது கம்பெனி கட்டிய ஜிஎஸ்டியை, கம்பெனி அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வதுதான் இந்தக் கிரெடிட். பில் கையில் இருந்தால் மட்டும் போதாது. சப்ளையர் அந்தப் பில்லைத் தன் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-இல் ஏற்றி, அது போர்ட்டல் மாதாமாதம் நமக்குத் தரும் கிரெடிட் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி-யில் வந்து நிற்க வேண்டும். வரவில்லை என்றால் கழிக்க முடியாது.

சப்ளையர் ஏன் ஏற்றவில்லை, எந்தப் பில் இன்னும் வரவில்லை, யாரிடம் பேச வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் பர்ச்சேஸ்காரர்கள். அவர்களுக்கோ இது தங்கள் வேலை இல்லை. உற்பத்திக்கு வேண்டிய பொருள் நேரத்துக்கு வந்துவிட்டால் அவர்கள் கணக்கு முடிந்தது. அவர்களிடம் எதை, எந்தத் தேதியில், எந்தக் காரணம் சொல்லிக் கேட்பது என்பதை அக்டோபர் மாதக் கணக்கை வைத்துப் பார்ப்போம். அக்டோபருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு, அது கீழே வரும்.

எது உண்மையான கெடு

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். மாதாமாதம் தாக்கல் செய்யும் கம்பெனிக்கு, கிரெடிட்டைக் கழித்து வரி கட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி-யின் கெடு அடுத்த மாதம் 20-ஆம் தேதி. அதை மனதில் வைத்துக்கொண்டு 15, 16 தேதிகளில் பர்ச்சேஸுக்கு மெயில் போடுவார்கள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருக்கும்.

சப்ளையர் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்ய வேண்டிய நாள் 11. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்குள் இருப்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் சிறு சப்ளையர், காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கு ஐஎஃப்எஃப் என்ற வசதி வழியாக 13-ஆம் தேதிவரை பில் ஏற்றலாம். ஏற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. 14-ஆம் தேதி நம் 2பி உருவாகிவிடும். அதற்குப் பிறகு சப்ளையர் எவ்வளவு மனது வைத்தாலும், தாக்கலுக்குப் பின் திருத்தும் படிவமான ஜிஎஸ்டிஆர்-1ஏ-வில் திருத்தினாலும், அது நமக்கு அடுத்த மாத 2பி-யில்தான் வரும்.

ஆக நம் கெடு 20 இல்லை, 11. சப்ளையரின் கணக்காளர் திருத்தி ஏற்ற இரண்டு மூன்று நாளாவது வேண்டும். பர்ச்சேஸிடமிருந்து பதில் 7-ஆம் தேதி மாலைக்குள் கைக்கு வர வேண்டுமென்றால், கேட்க வேண்டிய நாள் 5. நவம்பரில் இன்னும் நெருக்கடி: 1-ஆம் தேதி கன்னட ராஜ்யோத்சவ விடுமுறை. அதை ஒட்டி ஞாயிறு வந்துவிட்டால் மாத முடிவு வேலைகளே 3-ஆம் தேதிதான் தொடங்கும்.

மெயிலில் ‘20-ஆம் தேதி தாக்கல்’ என்று எழுதாதீர்கள். பார்ப்பவர் இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று ஒதுக்கி வைப்பார், அதில் அவர் தவறு ஒன்றும் இல்லை. ‘சப்ளையர் 11-ஆம் தேதி தாக்கல் செய்துவிடுவார், அதற்குமுன் திருத்த வேண்டும்’ என்று எழுதுங்கள். அவருக்குச் சப்ளையரைத் தெரியும், தேதியும் புரியும்.

கேட்பதற்கு முன் உங்கள் பக்கத்து வேலை

5-ஆம் தேதி பட்டியல் எடுத்தால் கிட்டத்தட்ட எல்லாப் பில்லுமே விடுபட்டதாகத்தான் தெரியும், ஏனென்றால் பெரும்பாலான சப்ளையர்கள் 9 முதல் 11 வரைதான் ஏற்றுவார்கள். நூறு வரிப் பட்டியலை அப்படியே பர்ச்சேஸுக்கு அனுப்பினால் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். பொறுக்கி எடுக்க வேண்டும்.

முதலில், உண்மையில் விடுபடாததைக் கழித்துவிடுங்கள். சப்ளையர் ஜிஎஸ்டிஆர்-1-இல் சேமித்த பில்கள் தாக்கலுக்கு முன்பே ஜிஎஸ்டி போர்ட்டலில், சப்ளையர் பில்களைக் காட்டும் ஐஎம்எஸ் பக்கத்தில் தெரியத் தொடங்கும். அதை இறக்கி நம் பர்ச்சேஸ் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். பில் எண்ணை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்: சப்ளையர் ‘PT/0456/25-26’ என்று ஏற்றியிருப்பார், நம் ஆள் ‘456’ என்று பதிந்திருப்பார். சப்ளையரின் ஜிஎஸ்டி பதிவு எண்ணான ஜிஎஸ்டிஐஎன், வரிக்கு முந்தைய தொகை இரண்டையும் வைத்துப் பாருங்கள். இறக்கியதை IMS என்ற தாளில் வைத்து, இரண்டு தாளிலும் A பத்தியில் ஜிஎஸ்டிஐஎன், E பத்தியில் தொகை இருந்தால் இது போதும்:

```
=COUNTIFS(IMS!A:A,A2,IMS!E:E,">="&E2-1,IMS!E:E,"<="&E2+1)
```

விடை 0 என்றால்தான் அந்தப் பில் இன்னும் ஏறவில்லை. ஒரு ரூபாய் இடைவெளி விட்டிருப்பது பைசா முழுமையாக்கல் வேறுபாட்டுக்காக. ஒரே சப்ளையரிடமிருந்து ஒரே தொகைக்கு இரண்டு பில் இருந்தால் இந்தச் சூத்திரம் பிரித்துக் காட்டாது, அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பில் தேதி நவம்பர், நாம் அக்டோபரில் பதிந்துவிட்டோம் என்பவையும் இப்போதே வெளியே போகட்டும், அவை அடுத்த மாதம்தான் வரும்.

மிச்சத்தில் ஆபத்தானவற்றை மட்டும் எடுங்கள். முந்தைய மாதங்களில் 2பி-யில் தவறியவர், இந்த மாதம் புதிதாக வந்த சப்ளையர், பொருள் வந்து அதற்கான வரவுச் சீட்டான ஜிஆர்என் போட்டும் பில் நகல் வராதவை, பழைய பாக்கிகள். இவற்றோடு, உங்கள் கம்பெனிக்கு பெங்களூரிலும் ஓசூரிலும் யூனிட் இருந்தால், இரண்டுக்கும் பொருள் கொடுப்பவர்களையும் கட்டாயம் சேருங்கள். கர்நாடக யூனிட்டின் ஜிஎஸ்டிஐஎன் 29-இல் தொடங்கும், தமிழ்நாட்டு யூனிட்டுடையது 33-இல் தொடங்கும். பெயர் ஒன்றாக இருப்பதால் சப்ளையரின் கணக்காளர் எண்ணை மாற்றிப் போடுவது சர்வ சாதாரணம். மாற்றிப் போட்டால் பில் காணாமல் போவதில்லை, ஓசூர் யூனிட்டின் 2பி-யில் போய் உட்கார்ந்துகொள்ளும். நாம் பெங்களூரில் தேடிக்கொண்டிருப்போம்.

சப்ளையர் மாதத் தாக்கலா காலாண்டுத் தாக்கலா, போன மாதம் தாக்கல் செய்தாரா என்பதைப் பர்ச்சேஸிடம் கேட்காதீர்கள். போர்ட்டலில் `Search Taxpayer` பக்கத்தில் ஜிஎஸ்டிஐஎன் கொடுத்தால் நீங்களே பார்க்கலாம். நம்மால் பார்க்க முடிந்ததைப் பிறரிடம் கேட்டால், அடுத்த முறை நம் மெயில் கடைசியாகத்தான் திறக்கப்படும்.

ஒரு மாதப் பட்டியல்

பொறுக்கிய பின் நான்கு வரி மிஞ்சியதாக வைத்துக்கொள்வோம். எல்லாம் 18 சதவீத வரி.

ஓசூர் சப்ளையரிடம் வாங்கிய ஸ்டீல் ராட், 6,00,000 ரூபாய், வரி 1,08,000. பொருள் இறங்கியது பொம்மசந்திராவில், பில்லில் அச்சாகியிருப்பதோ ஓசூர் யூனிட்டின் 33 எண். பீன்யாவிலிருந்து கட்டிங் டூல், 2,40,000, வரி 43,200. புது சப்ளையர், காலாண்டுத் தாக்கல். பேரிங், 1,50,000, வரி 27,000. ஜிஆர்என் இருக்கிறது, பில் நகல் அக்கவுண்ட்ஸுக்கு வரவில்லை. கடைசியாக லூப்ரிகேஷன் ஆயில், 40,000, வரி 7,200. இது கடந்த மார்ச் மாதத்துப் பில். பணம் முழுதும் கொடுத்தாகிவிட்டது, சப்ளையர் இன்றுவரை ஏற்றவில்லை.

மொத்த வரி 1,85,400. எதை முதலில் கேட்பீர்கள்? தொகையைப் பார்த்தால் ஸ்டீல் ராட். கெடுவைப் பார்த்தால் ஆயில். அக்டோபர் மாதத்தின் தனிச் சிக்கல் என்றது இதைத்தான். ஒரு நிதியாண்டின் பில்லுக்கான கிரெடிட்டை அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30-க்குள் எடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். ஆண்டு ரிட்டர்ன் அதற்கு முன்பே தாக்கல் ஆனால் அந்த நாளோடு சரி. நவம்பர் 20-ஆம் தேதி தாக்கலாகும் அக்டோபர் 3பி-யே அதற்குக் கடைசி வாய்ப்பு. அதற்கடுத்த 3பி டிசம்பரில்தான் வரும். ஆகவே ஆயில் சப்ளையர் நவம்பர் 11-க்குள் ஏற்றவில்லை என்றால் 7,200 ரூபாய் போனது போனதுதான். மற்ற மூன்றும் இந்த மாதம் தவறினாலும் சப்ளையர் ஏற்றும் மாதத்தில் எடுத்துக்கொள்ளலாம். இந்த மாதம் அந்த அளவுக்குக் கையிலிருந்து பணம் கட்ட வேண்டிவரும், அவ்வளவுதான்.

இந்த வேறுபாட்டை மறைக்காமல் சொல்லுங்கள். நான்கையும் ‘மிக அவசரம், கம்பெனிக்கு நஷ்டம்’ என்று எழுதினால், தவறிய மூன்று பில்லும் அடுத்த மாதம் சாதாரணமாக வந்து நிற்பதைப் பர்ச்சேஸ்காரர் பார்ப்பார். அதன்பின் உங்கள் அவசரத்துக்கு மதிப்பு இருக்காது.

அவருக்கு ஏன் முக்கியம்

அக்கவுண்ட்ஸ்காரர்கள் வழக்கமாக எழுதும் காரணங்கள்: கேஷ் ஃப்ளோ, ஆடிட், வட்டி. மூன்றும் நம் தலைவலி. பர்ச்சேஸ்காரர் மாதக் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டியது வேறு: பொருள் நேரத்துக்கு வந்ததா, வாங்கிய விலை பட்ஜெட்டுக்குள் நிற்கிறதா, சப்ளையர் ஏன் சண்டை போடுகிறார். காரணத்தை அங்கேதான் தேட வேண்டும், ஒவ்வொரு வரிக்கும் அது வேறு வேறாகக் கிடைக்கும்.

ஆயிலுக்கு: கிரெடிட் போய்விட்டால் அந்த 7,200 செலவாகிவிடும். 40,000-க்கு வாங்கிய ஆயில் 47,200 ஆகிப் பர்ச்சேஸ் செலவுத் தலைப்பில் ஏறும். அவர் பேரம் பேசிக் குறைத்த விலையெல்லாம் இதில் கரைந்துவிடும்.

ஸ்டீல் ராடுக்கு: பல கம்பெனிகளின் பர்ச்சேஸ் ஆர்டரில், 2பி-யில் வந்த பிறகுதான் வரிப் பகுதி கொடுக்கப்படும் என்று ஒரு நிபந்தனை இருக்கும். பில் 33 எண்ணில் போனால் 1,08,000 நிறுத்தி வைக்கப்படும். சப்ளையர் அக்கவுண்ட்ஸுக்கு போன் செய்ய மாட்டார், பர்ச்சேஸுக்குத்தான் செய்வார். அடுத்த லோடை அனுப்பத் தயங்குவார். உங்கள் ஆர்டரில் அந்த நிபந்தனை உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இதைச் சொல்லுங்கள். சப்ளையர் பதிவு செய்த சிறு, குறு நிறுவனமாக இருந்தால், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்ற சட்டமும் இருக்கிறது. அதனால் ‘பணத்தை நிறுத்திவிடுவோம்’ என்பதை மிரட்டலாக எழுதக்கூடாது. நடக்கப்போவதைத் தகவலாகச் சொன்னால் போதும்.

பேரிங்குக்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. பில் நகல் இல்லாமல் பேமெண்ட்டே போகாது என்பது அவருக்கே தெரியும்.

எப்படிக் கேட்பது

பெங்களூர் அலுவலகங்களில் மெயில் ஆங்கிலத்தில்தான் போகும். பர்ச்சேஸ்காரர் தமிழர் என்பதற்காக, கன்னடக்காரரும் தெலுங்குக்காரரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் தமிழில் கேட்பது நல்லதில்லை. மற்றவர்களுக்குப் புரியாமல் ஏதோ பேசிக்கொள்வது போல் படும். மெயிலைக் குழு மொழியில் போட்டுவிட்டு, தனியாக அவருக்குத் தமிழில் செய்தி அனுப்பலாம், அல்லது நேரில் போகலாம். காலை புரொடக்‌ஷன் மீட்டிங்குக்கு முன் போகாதீர்கள், பொருள் பற்றாக்குறைப் பட்டியலோடு அவர் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் அது. தனிச் செய்தி இப்படி இருக்கலாம்:

> சார், வணக்கம். அக்டோபர் பில்லில் நாலே நாலு மட்டும் உங்க உதவி வேணும். சப்ளையருங்க 11-ஆம் தேதி ஃபைல் பண்ணிடுவாங்க, அதனால 7-ஆம் தேதி சாயங்காலத்துக்குள்ள கிடைச்சா சரியா இருக்கும்.
>
> 1. ஆயில், மார்ச் பில், 40,000: சப்ளையரோட அக்கவுண்டன்ட் நம்பர் மட்டும் வேணும். 11-ஐத் தாண்டினா 7,200 திரும்பக் கிடைக்காது சார், உங்க செலவுல ஏறிடும். இதை மட்டும் முதல்ல பாருங்க.
> 2. ஸ்டீல் ராட், 6,00,000: பில்லுல ஓசூர் யூனிட் நம்பர் இருக்கு. பிஓ எந்த யூனிட் பேர்ல போட்டது? பொம்மசந்திரா பிஓ-ன்னா பில்லை மாத்தச் சொல்லணும். மாத்தலைன்னா 1,08,000 ஹோல்டுல நிக்கும், அவர் உங்களைத்தான் கூப்பிடுவார்.
> 3. கட்டிங் டூல், 2,40,000: இந்த மாசம் 13-க்குள்ள ஐஎஃப்எஃப்-ல ஏத்துவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க. இல்லைன்னாலும் பரவாயில்லை, தெரிஞ்சா போதும்.
> 4. பேரிங், 1,50,000: பில் பிடிஎஃப்.
>
> சப்ளையர்கிட்ட நானே பேசறேன் சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லிவிட்டா போதும்.

இதில் கவனிக்க வேண்டியது சில. ஒவ்வொரு வரியிலும் கேட்பது ஒன்றே ஒன்று. முதல் வரிசையில் இருப்பது தொகையில் சிறியது, ஏனென்றால் அதற்குத்தான் மறுவாய்ப்பு இல்லை. மூன்றாவதில் ‘இல்லைன்னாலும் பரவாயில்லை’ என்று விட்டுக்கொடுத்திருப்பதால், முதல் இரண்டின் அவசரம் நம்பும்படி இருக்கிறது. எக்செல் இணைப்பு இல்லை, போனிலேயே படித்துப் போனிலேயே பதில் சொல்லிவிடலாம்.

ஆயிலுக்கு அக்கவுண்டன்ட் எண்ணைக் கேட்பதற்கும் காரணம் உண்டு. பர்ச்சேஸ்காரருக்குப் பழக்கமானவர் சப்ளையரின் சேல்ஸ் ஆள். அவரிடம் ஜிஎஸ்டிஆர்-1 என்றால் ‘ஆடிட்டர்கிட்ட கேட்கணும்’ என்பார், இரண்டு நாள் அதிலேயே போய்விடும். பில் ஏற்றுபவர் வேறு ஆள். பீன்யா பக்கத்துச் சிறு பட்டறைகளில் அவர் வாரம் ஒருமுறை வந்துபோகும் பகுதிநேரக் கணக்காளராகக்கூட இருப்பார். கன்னடத்தில்தான் பேச முடியும் என்றால், உங்கள் பிரிவிலேயே கன்னடம் பேசுபவரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள், பர்ச்சேஸ் மேல் அதையும் ஏற்றாதீர்கள்.

பதில் வரும்போது, வராதபோது

ஒன்றிரண்டு வரிக்குத்தான் பதில் வரும். வந்ததை வைத்து அன்றே வேலையைத் தொடங்குங்கள், நான்கும் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஸ்டீல் ராடுக்கு வரும் பதில் இரண்டு விதமாக இருக்கலாம். பிஓ-வே ஓசூர் பெயரில் போயிருந்தால் சப்ளையர் மேல் தவறில்லை, அதை இரண்டு யூனிட் அக்கவுண்ட்ஸும் உட்கார்ந்து தீர்க்க வேண்டும். பர்ச்சேஸை விட்டுவிடுங்கள். பிஓ பொம்மசந்திரா பெயரில் இருந்தால், சப்ளையர் தாக்கலுக்கு முன் பில்லை 29 எண்ணுக்குத் திருத்த வேண்டும், வரி, மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனைக்கான ஐஜிஎஸ்டி-யாக இருக்க வேண்டும். தாக்கல் செய்துவிட்டால் வாங்குபவரின் எண்ணை ஜிஎஸ்டிஆர்-1ஏ-வில் மாற்ற முடியாது, அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1-இல்தான் திருத்தலாம். சப்ளையர் இ-இன்வாய்ஸ் போடுபவராக இருந்தால் இன்னும் கஷ்டம். 24 மணி நேரம் தாண்டினால் இ-இன்வாய்ஸின் பதிவு எண்ணான ஐஆர்என்னை ரத்து செய்ய முடியாது, கிரெடிட் நோட் கொடுத்துப் புதுப் பில் போடுவார். புதுப் பில் நவம்பர் தேதியில் வரும். அதை இந்த மாதக் கிரெடிட்டில் எதிர்பார்க்காதீர்கள், எதிர்பார்ப்பதாகப் பர்ச்சேஸிடமும் சொல்லாதீர்கள்.

7-ஆம் தேதி மதியம்வரை ஆயிலுக்குப் பதில் இல்லையா? அந்த ஒரு வரிக்கு மட்டும் போன் செய்யுங்கள். நான்கையும் மறுபடி நினைவூட்டினால் நான்கும் சுமையாகத் தெரியும். 8-ஆம் தேதி காலையும் இல்லை என்றால் அவருடைய மேலாளரைச் சேர்க்கலாம், ஆனால் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு: ‘சார், 11-க்கு மேல போச்சுன்னா எழுதி வைக்கணும், அதனால மேலே ஒரு காப்பி போடறேன், உங்களைக் குறை சொல்லி இல்லை.’ சொல்லாமல் சிசி போடுவது இந்த மாத வேலையை முடிக்கும், அடுத்த பதினொரு மாதத்தைக் கெடுக்கும்.

10-ஆம் தேதி மாலை ஐஎம்எஸ்-ஐ மறுபடி பாருங்கள். ‘ஏத்தியாச்சு’ என்று சப்ளையர் வாயால் சொன்னதும், திரையில் தெரிவதும் வேறு வேறாக இருப்பது அடிக்கடி நடக்கும். சேமித்து மட்டும் வைத்துத் தாக்கல் செய்யாமல் விட்டால் 2பி-யில் வராது என்பதால், 11-ஆம் தேதி ஒருமுறை `Search Taxpayer`-இல் தாக்கல் நிலையையும் பார்த்துவிடுங்கள்.

14-ஆம் தேதி 2பி வந்ததும், நான்கு வரியின் முடிவையும் பர்ச்சேஸ்காரருக்கு நீங்களே அனுப்புங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்காமல். ஆயில் வந்துவிட்டது, ராட் வந்துவிட்டது, டூல் அடுத்த மாதம், பேரிங் வந்துவிட்டது என்று ஒரே வரி போதும். ராடின் 1,08,000 நிறுத்தத்தில் இருந்தால் அன்றைக்கே விடுவித்து, பணம் போகும் தேதியையும் அதே செய்தியில் எழுதுங்கள். சப்ளையருக்கு அதைச் சொல்லப்போகிறவர் அவர்தான்.